உப்பில் புதைத்த மஞ்சள் கரு: எங்கே சொதப்புகிறது?

முட்டையின் மஞ்சள் கருவை உப்பும் சர்க்கரையும் கலந்த படுக்கையில் புதைத்து, கெட்டியானதும் எடுத்து உலர்த்தி, பாஸ்தா மேலும் சாலட் மேலும் துருவிப் போடுகிறார்களே, அதைப் பற்றித்தான். செய்முறையில் பெரிய வித்தை எதுவும் இல்லை. மஞ்சள் கருவில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான், அதை உப்பும் சர்க்கரையும் வெளியே இழுத்துவிடுகின்றன, கரு இறுகுகிறது. இதில் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி இந்தத் தண்ணீரைச் சரியாகக் கணக்கில் எடுக்காததால் வருபவை.

முதலில் வெள்ளைக் கரு. அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மஞ்சளோடு கொஞ்சம் வெள்ளை ஒட்டிக்கொண்டு போனாலும் அது உப்பை நனைத்து, கருவைச் சுற்றி ஒரு கெட்டி ஓடு கட்டிவிடும். கழுவினாலும் சுலபத்தில் போகாது, சுரண்டினால் கருவும் சேர்ந்து பிய்யும். ஓட்டுக்கு ஓடு மாற்றிப் பிரிப்பதை விட, முட்டையைக் கையில் உடைத்து ஊற்றி விரல் இடுக்கு வழியாக வெள்ளையை வழியவிடுவது நல்லது, ஏனென்றால் ஓட்டு விளிம்பு பட்டால் கருவின் மெல்லிய தோல் கிழியும். கிழிந்த கரு இதற்கு ஆகாது. அதை ஆம்லெட்டில் போட்டுவிடுங்கள்.

அடுத்தது கலவையில் கஞ்சத்தனம். நாலு கருவுக்கு 300 கிராம் உப்பு, 200 கிராம் சர்க்கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை போட்டே எடுங்கள். அமெரிக்கக் குறிப்புகளில் பெரும்பாலும் கோஷர் உப்பைக் கப் கணக்கில் சொல்லியிருப்பார்கள். அது பொரபொரப்பாக, உள்ளே காற்றோடு இருக்கும் உப்பு. அதே கப்பில் நம் தூள் உப்பை அள்ளினால் சில வகைகளுக்கு ஏறக்குறைய இரு மடங்கு எடை வந்துவிடும், கரு வாயில் வைக்க முடியாத கரிப்பாகும். தூள் உப்பு சீக்கிரம் கட்டியும் பிடிக்கும், அதனால் கல் உப்பை மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு ரவை பதத்தில் எடுப்பது நல்லது. கலவையில் பாதியைத் தட்டையான பாத்திரத்தில் பரப்பி, முழு முட்டையின் அடிப்பக்கத்தால் அழுத்திக் குழி போட்டு, குழிக்கு ஒரு கரு. கரு பாத்திரத்தின் அடியையோ பக்கத்துக் கருவையோ தொடக்கூடாது. தொட்ட இடத்தில் உப்பு படாமல் கரு ஈரமாகவே இருக்கும். மீதியை மேலே தூவி மஞ்சள் தெரியாமல் மூடி, ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

நாலு நாள் என்பது குறைந்தபட்சம். பெரிய முட்டை என்றால் ஐந்தாறு நாளும் ஆகலாம். ஒன்றை மட்டும் எடுத்து நடுவில் அழுத்திப் பாருங்கள்: வெளியே விறைப்பாகவும் உள்ளே தளதளவென்றும் இருந்தால் திரும்பப் புதைத்துவிடுங்கள். எங்கே அழுத்தினாலும் ஒரே மாதிரி, கெட்டியான அல்வா போல லேசாக அமுங்க வேண்டும். அதற்காக வாரக்கணக்கில் மறந்துவிடவும் கூடாது, உப்பு ஏறிக்கொண்டே போகும்.

அதிகம் பேர் கோட்டை விடுவது இதற்கு அப்புறம்தான். உப்பிலிருந்து எடுத்ததும் வேலை முடிந்தது என்று துருவியை எடுக்கிறார்கள், கரு துருவியில் பசையாக அப்பிக்கொள்கிறது. உப்பு இறுக்கித்தான் தரும், உலர்த்துவது தனி வேலை. ஒட்டிய உப்பைத் தட்டி, குளிர்ந்த தண்ணீரில் சட்டென்று அலசி, ஈரத்தை ஒற்றி எடுத்து, எண்ணெய் தடவிய கம்பித் தட்டில் வைத்து 65 டிகிரி ஓவனில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். உங்கள் ஓடிஜி 100 டிகிரியில்தான் ஆரம்பிக்கிறது என்றால் அதை விட்டுவிடுங்கள், அந்தச் சூட்டில் கரு வெந்து உதிரும். மஸ்லின் துணியில் தனித்தனியாக முடிந்து ஃப்ரிட்ஜுக்குள் ஒரு வாரம், பத்து நாள் தொங்கவிட்டால் போதும். ஆழ்ந்த ஆரஞ்சு நிறத்தில், தொட்டால் விரலில் ஒட்டாமல் இருக்க வேண்டும். காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் ஒரு மாதம் வரை வைக்கலாம்.

உப்பு எல்லாக் கிருமியையும் கொன்றுவிடும் என்று நம்புவதும் தவறுதான். சால்மொனெல்லா பெருகாமல் அது தடுக்கும், ஏற்கெனவே உள்ளதை ஒழித்துவிடும் என்று சொல்ல முடியாது, 65 டிகிரி காய்ந்த சூட்டையும் நம்ப முடியாது. விரிசல் விட்ட முட்டை வேண்டாம். கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்களுக்கு இதைப் போடவும் வேண்டாம். பச்சை முட்டை பட்ட உப்புக் கலவையை எடுத்து வைத்து இன்னொரு சமையலுக்குப் போடும் சிக்கனமும் கூடாது.

பரிமாறும்போது: மிக மெல்லிய கண்ணுள்ள துருவி, கடைசி நிமிடம், அடுப்பை அணைத்த பிறகு. தேங்காய் துருவியில் துருவினால் பெரிய துண்டுகளாக விழுந்து ஒரு வாய் கரிக்கும், இன்னொரு வாய் சப்பென்று இருக்கும். வெண்ணெய் போட்டுப் பிரட்டிய பாஸ்தாவுக்கு வழக்கமான உப்பில் பாதியைப் போட்டு, துருவிய பிறகு ருசி பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.