எட்டா, நாலா? ஒரு விடைத்தாளைத் திருத்தும்போது நழுவும் இடங்கள்

"பெரிய அணைகள் நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்துள்ளன. விமர்சன நோக்கில் ஆராய்க." குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சிக்கான வினா, 150 சொல், 10 மதிப்பெண். அமைப்புக்கு 4, நடுநிலைக்கு 3, எடுத்துக்காட்டுக்கு 3 என்று பிரித்துக்கொண்டு, ஒரே விடையை நானும் நண்பர் ஒருவரும் தனித்தனியே திருத்தினோம். அவர் 8 போட்டிருந்தார், நான் 4.

அணைக்கு ஒரு வரையறை, 'நன்மைகள்' என்று நான்கு புள்ளி, 'தீமைகள்' என்று நான்கு புள்ளி, கடைசியில் "வளர்ச்சிக்கும் சூழலுக்கும் சமநிலை தேவை". இதுதான் விடை. பார்க்க லட்சணமாக இருந்தது. நண்பர் சறுக்கியதும் அங்கேதான். துணைத்தலைப்பு இருந்தாலே அமைப்பு இருப்பதாக எடுத்துக்கொள்கிறோம். வினா கேட்டது ஒப்பீடு: எது அதிகம்? அதற்கான பதில் எங்கேயும் இல்லை. முடிவுரையை மட்டும் தனியே படித்துப் பாருங்கள். சுரங்கம், நெடுஞ்சாலை பற்றிய விடைக்கும் அது அப்படியே பொருந்தும். பத்தி பிரித்த ஒழுங்குக்காக 2 கொடுத்தேன்.

நடுநிலையில் நாம் செய்யும் தவறு, புள்ளிகளை எண்ணுவது. நாலுக்கு நாலு என்றால் முழு மதிப்பெண்! எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை எடுத்துப் பதில் சொல்லியிருக்கிறாரா என்று பார்ப்பதே முறை. மின்சாரமும் பாசனமும் கிடைப்பது ஒரு கூட்டத்துக்கு, நிலம் மூழ்குவது வேறொரு கூட்டத்துக்கு என்பதைத் தொட்டிருந்தால், ஒரு பக்கமே சாய்ந்து முடித்தாலும் 3 போட்டிருப்பேன். இதற்கு 1. (நமக்குப் பிடிக்காத பக்கம் சாய்ந்த விடைக்கும் அதே கை வர வேண்டும். எனக்கே அது எளிதாக இல்லை.)

எடுத்துக்காட்டாக அடைப்புக்குறிக்குள் அஸ்வான், ஹூவர், த்ரீ கார்ஜஸ் என்று மூன்று பெயர்கள். அவற்றை அடித்துவிட்டுப் படித்தேன், வாதம் எதையும் இழக்கவில்லை. 1970இல் முடிந்த அஸ்வான் உயர் அணை நைலின் ஆண்டு வெள்ளத்தை அடக்கியது. அதே அணை வண்டலைத் தடுத்ததால் கழிமுகக் கரை அரிக்கப்படுகிறது. இப்படி இரண்டு வரி எழுதியிருந்தால் அந்த ஓர் எடுத்துக்காட்டே போதும். பெயர் தெரிந்திருப்பதற்கு மட்டும் 1.

இன்னொரு தவறு, ஒரே குறைக்கு இரண்டு இடத்தில் வெட்டுவது. ஆண்டு பிழையா, எடுத்துக்காட்டில் குறையுங்கள். அந்த எரிச்சலை அமைப்பில் காட்டாதீர்கள். பத்து விடைகளைத் திருத்தியதும் அமைப்பு, நடுநிலை, எடுத்துக்காட்டு மூன்றுக்கும் போட்ட மதிப்பெண்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். எல்லா விடையிலும் மூன்றும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கினால், ஒரே அபிப்பிராயத்துக்கு மூன்று முறை மதிப்பெண் போட்டிருக்கிறோமோ என்று சந்தேகப்பட வேண்டும். அப்போது எல்லா விடைகளுக்கும் முதலில் அமைப்பை மட்டும், பிறகு நடுநிலையை மட்டும் என்று தனிச் சுற்றாகத் திருத்துகிறேன். நேரம் கூடுதலாகத்தான் ஆகிறது.