கை-ஸ்கொயர் முடிவை எப்படி எழுதுவது? மெண்டலின் பட்டாணியை வைத்தே பார்ப்போம்

இருபண்புக் கலப்பு செய்து F2 விதைகளை எண்ணி முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இனி 9:3:3:1 பொருந்துகிறதா என்று பார்த்து எழுத வேண்டும். மெண்டல் எண்ணிய 556 விதைகளையே எடுத்துக்கொள்வோம்: உருண்டை மஞ்சள் 315, உருண்டை பச்சை 108, சுருங்கிய மஞ்சள் 101, சுருங்கிய பச்சை 32.

முதலில் எதிர்பார்ப்பு. 556ஐ 16ஆல் வகுத்தால் 34.75. அதை 9, 3, 3, 1ஆல் பெருக்கினால் 312.75, 104.25, 104.25, 34.75. அரை விதை ஏது என்று முழு எண்ணாக்கிவிடாதீர்கள். தசமம் அப்படியே இருக்கட்டும்.

நான் சறுக்கியது அடுத்த படியில். எண்ணிக்கையைச் சதவீதமாக மாற்றிக் கணக்குப் போட்டேன். இந்த விதைகளுக்கு அப்படிச் செய்தால் χ² 0.47க்குப் பதில் 0.08 வரும். 556 விதை எண்ணிய உழைப்பு, 100 விதை எண்ணியதாகச் சுருங்கிவிடுகிறது. என் பதிவேட்டில் அந்தப் பக்கம் முழுக்கச் சிவப்பு மை. சூத்திரத்துக்குள் போக வேண்டியது எண்ணிய எண்ணிக்கை மட்டுமே.

எக்செலில் `CHISQ.TEST` இருக்கிறது, ஆனால் p மட்டும்தான் தரும். χ²ஐத் தனியாகக் கணக்கிட வேண்டும். அதனால் எனக்கு R தான் பிடிக்கும்:

```r
chisq.test(c(315, 108, 101, 32), p = c(9, 3, 3, 1)/16)
```

`p =` பகுதியை விட்டுவிட்டால் R நான்கு வகையும் சமம் என்று எடுத்துக்கொள்ளும். அப்போது χ² 322ஐத் தாண்டும். அப்படி ஒரு எண்ணைப் பார்த்தால் விதையைச் சந்தேகிக்கும் முன் இந்த வரியைப் பாருங்கள்.

அறிக்கையில் எழுத வேண்டியது:

"556 F2 விதைகளின் எண்ணிக்கை 9:3:3:1 விகிதத்திலிருந்து குறிப்பிடத்தக்க அளவு விலகவில்லை, χ²(3, N = 556) = 0.47, p = 0.93."

அடைப்பிலுள்ள 3 சுதந்திரப் படிகள்: வகைகள் நான்கு, கழித்தல் ஒன்று. மேலே ஒரு சிறு அட்டவணையில் எண்ணியதும் எதிர்பார்த்ததும் இருக்கட்டும். "மெண்டல் விதி நிரூபணமானது" என்று மட்டும் எழுதாதீர்கள். விகிதம் உண்மையாக இருந்தால், இந்த அளவோ இதைவிட அதிகமாகவோ விலகல் தற்செயலாக வர 93% வாய்ப்பு. p சொல்வது அவ்வளவுதான். (மெண்டலின் எண்கள் மொத்தத்தில் அளவுக்கு மீறிப் பொருந்துகின்றன என்று ஃபிஷர் 1936இல் எழுதியது தனிக் கதை.)

பின்சேர்க்கை: 60 விதைதான் கிடைத்தது என்று ஒருவர் கேட்டிருந்தார். 60/16 = 3.75. எதிர்பார்ப்பு 5க்குக் கீழே போனால் p மதிப்பை நம்ப முடியாது; 9:3:3:1க்குக் குறைந்தது 80 விதை வேண்டும். கூடுதல் விதைக்கு வழியில்லை என்றால் `simulate.p.value = TRUE` சேருங்கள். அப்போது சுதந்திரப் படிகள் இருக்கும் இடத்தில் `NA` வரும். பயப்பட வேண்டாம், p உருவகப்படுத்திப் பெற்றது என்று அறிக்கையில் சொல்லிவிடுங்கள்.

இன்னொருவருக்கு p 0.05க்குக் கீழே வந்திருக்கிறது. உருண்டை–சுருங்கியதை 3:1க்குத் தனியாகவும், மஞ்சள்–பச்சையைத் தனியாகவும் சோதியுங்கள். இரண்டும் பொருந்தி, சேர்த்துப் பார்க்கையில் மட்டும் பொருந்தவில்லை என்றால் இரு மரபணுக்களும் பிணைந்திருக்கலாம்.