தொட்டு ஃபோகஸ் செய்தும் படம் ஏன் கலங்குகிறது?

கல்யாண மண்டபங்களில் படம் எடுப்பது என் தொழில். தாலி கட்டும் நேரத்தில் எனக்கு இரண்டு பக்கமும் போன்கள் உயரும். முகத்தைத் தொடுவார்கள், கட்டம் வரும், பட்டனை அழுத்துவார்கள். அப்புறம் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது போனை நீட்டுவார்கள். "அண்ணே, தொட்டுத்தானே எடுத்தேன், ஏன் இப்படிக் கலங்கலா இருக்கு?"

கையை ஆட்டாதே, வெளிச்சத்தைப் பார்த்து எடு என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். தெரியாமல் திரும்பத் திரும்பச் செய்வதை மட்டும் இங்கே எழுதுகிறேன். எதற்கும் முதலில் கலங்கிய படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். படம் முழுக்க ஒரே திசையில் இழுத்தது போல இருந்தால் கை ஆடியிருக்கிறது. பின்னால் உள்ள தூண் தெளிவாக இருந்து மனிதர் மட்டும் கலங்கியிருந்தால், பெரும்பாலும் அவர் அசைந்திருக்கிறார். எல்லாமே பால் ஊற்றியது போல வெளிறி, விளக்குகளைச் சுற்றிப் புகை மாதிரி தெரிந்தால் லென்ஸ் அழுக்கு.

ஓஐஎஸ் இருக்கிறதே என்று இருந்துவிடுவது

இதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது. கடையில் "இதுல ஓஐஎஸ் இருக்கு சார், ஆடினாலும் படம் ஆடாது" என்று சொல்லி விற்றுவிடுகிறார்கள். வாங்கியவரும் அதையே நம்புகிறார். ஓஐஎஸ் செய்வது ஒன்றே ஒன்றுதான். உங்கள் கை எந்தப் பக்கம் ஆடுகிறது என்று போனுக்குள் இருக்கும் ஜைரோ சொல்லும், அதற்கு எதிர்ப்பக்கம் லென்ஸையோ சென்சாரையோ சிறு காந்தச் சுருள்கள் நகர்த்தும். உங்கள் கைக்கு மட்டும்தான் அது வைத்தியம். மாப்பிள்ளையின் கை அசைவதை அதனால் நிறுத்த முடியாது.

அதோடு இன்னொரு வினையும் உண்டு. கை நடுக்கத்தை ஓஐஎஸ் பார்த்துக்கொள்ளும் என்ற கணக்கில், ஆட்டோவில் விட்டால் இருட்டில் பல போன்கள் ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கும். தூணும் பூ அலங்காரமும் பளிச்சென்று வரும். அசைகிற மனிதர்கள் மட்டும் கரைந்து போவார்கள்.

ஒரு படத்தையே எடுத்துக்கொள்வோம். மேடையில் சுமாரான வெளிச்சம், போன் தானாகத் தேர்ந்த ஷட்டர் நேரம் 1/20 நொடி, வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவான ஐஎஸ்ஓ 400. தாலி முடிச்சுப் போடும் கை நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அது ஒன்றும் பெரிய வேகமில்லை. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்துக்குள் கை 5 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். படத்தின் அகலத்தில் 2 மீட்டர் மேடை அடங்குகிறது, படம் 4000 பிக்ஸல் அகலம் என்றால், அந்தக் கை 100 பிக்ஸல் நீளத்துக்குத் தீற்றலாக விழும். ஃபோகஸ் மிகச் சரியாகவே இருந்திருக்கும், ஆனால் விரல்கள் இருக்காது.

இதில் தொடுவதும் சேர்ந்து கெடுக்கிறது. நீங்கள் தொட்ட இடத்தில் போன் ஃபோகஸ் மட்டும் செய்வதில்லை, அந்த இடத்துக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்றும் கணக்குப் போடுகிறது. மணப்பெண்ணின் தலைமுடியிலோ கருநீலப் பட்டிலோ விரல் பட்டால், "இங்கே இருட்டாக இருக்கிறது" என்று நினைத்து ஷட்டரை இன்னும் நீளமாகத் திறக்கும். தெளிவாக வரட்டும் என்று தொட்டதே கலங்கலைக் கூட்டிவிடும். அதனால் வெளிச்சம் விழும் கன்னத்தைத் தொடுங்கள். கட்டத்தின் பக்கத்தில் சூரியன் போல ஒரு குறி வரும், அதைக் கொஞ்சம் கீழே இழுத்து இருட்டாக்குங்கள். பெரும்பாலான போன்களில் ஷட்டர் நேரம் குறையும். கொஞ்சம் இருட்டாக வந்த படத்தைப் பின்னால் வெளிச்சமாக்கலாம், கரைந்துபோன விரலை மீட்கவே முடியாது.

ஷட்டரையும் ஐஎஸ்ஓவையும் நாமே வைக்கக்கூடிய ப்ரோ மோட் உள்ள போன் என்றால் ஷட்டரை நேராகவே 1/100 வையுங்கள். அதே வெளிச்சத்துக்கு ஐஎஸ்ஓ 2000 ஆகும், படத்தில் மணல் தூவியது போலக் கொஞ்சம் பொரி தெரியும், போகட்டும். கையின் தீற்றல் 100 பிக்ஸலிலிருந்து 20 பிக்ஸலாகிவிடும். 1/100 என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மட்டமான எல்இடி விளக்கு நொடிக்கு 100 முறை மினுங்கும். 1/250, 1/500 என்று போனால் படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழலாம். ஷட்டர் எவ்வளவு என்று பிறகு தெரிந்துகொள்ள, கேலரியில் படத்தை மேலே தள்ளினால் பல போன்களில் விவரம் வரும்.

துடைப்பதாக நினைத்துத் தடவுவது

மூன்று லென்ஸ் இருந்தால் துடைப்பது என்னவோ விரலுக்கு முதலில் அகப்பட்டதை மட்டும்தான். நீங்கள் அதிகம் எடுப்பது 1x லென்ஸில், எது என்று தெரியாவிட்டால் விரலால் ஒவ்வொன்றாக மறைத்துப் பாருங்கள், திரை எதில் இருட்டாகிறதோ அதுதான்.

சட்டை நுனியால் ஒரே இழுப்பாக இழுத்தால் எண்ணெய் போகாது, மெல்லிய கோடுகளாகப் பரவும். அப்புறம் ஒவ்வொரு சீரியல் பல்பிலிருந்தும், நீங்கள் துடைத்த திசைக்குக் குறுக்காக ஒரு ஒளிக்கோடு நீளும். அதைப் பார்த்துவிட்டு "கேமரா போயிடுச்சு" என்று சர்வீஸ் சென்டருக்குப் போனவரை எனக்குத் தெரியும். வாயால் ஆவி ஊதி, கண்ணாடி துடைக்கும் துணியாலோ துவைத்துத் துவைத்து மெத்தென்றான பருத்தித் துணியாலோ வட்டமாகத் துடைத்தால் போதும். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு போனை எடுக்கும் வீடுகளில் இதைத் தினமும் செய்ய வேண்டியிருக்கும். துடைத்த பிறகும் மேகம் போல நின்றால் கண்ணாடிக்கு உள்ளே ஈரம் இறங்கியிருக்கலாம், அதற்குத் துணி உதவாது. லென்ஸ் மேல் ஒட்டிய பாதுகாப்புக் கண்ணாடி இருந்தால் முதலில் அதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

க்ளிக் சத்தத்தோடு கையை இறக்குவது

நல்ல வெளிச்சத்தில் பல போன்கள் கேமராவைத் திறந்ததுமே படங்களைப் பிடித்துக் கையில் வைத்திருக்கும். நீங்கள் அழுத்தும்போது அதில் ஒன்றை எடுத்துத் தரும், தாமதமே தெரியாது. இருட்டில், நைட் மோடில், ஃப்ளாஷில் அப்படி இல்லை. அழுத்திய பிறகுதான் வேலையே தொடங்கும். சத்தம் வந்தாலும் வேலை முடிந்திருக்காது. நைட் மோடில் அந்த வட்டம் ஓடி முடியும்வரை கை அப்படியே நிற்க வேண்டும். குழந்தைகள் ஓடும் இடத்தில் நைட் மோடை அணைத்துவிடுங்கள்.

இன்னொன்று, பல போன்களில் விரலை வைக்கும்போது படம் விழுவதில்லை, எடுக்கும்போதுதான் விழும். முன்கூட்டியே பட்டனில் விரலை வைத்து, அட்சதை பறக்கும் நேரத்தில் மெதுவாக எடுத்தால் தாமதமும் குறையும், குத்தி அழுத்துவதால் வரும் ஆட்டமும் போகும். ரொம்ப நேரம் வைத்திருந்தால் வீடியோ ஓட ஆரம்பித்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இருட்டில் ஜூம்

வேண்டாம். நாலடி முன்னால் போங்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தை வைத்து முடிவு கட்டுவது

அது அமுக்கி அனுப்பியது. எடுத்தவர் போனில் உள்ளதைப் பாருங்கள்.

பைக் ஹேண்டிலில் போனை மாட்டுவது

வழி பார்க்க ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள் கவனிக்க. பெரிய எஞ்சின்களின் அதிர்வு ஓஐஎஸ்ஸையும் ஆட்டோ ஃபோகஸையும் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் 2021-லேயே எச்சரித்திருக்கிறது, மற்ற போன்களிலும் உள்ளே இருக்கும் பொறி அதே மாதிரிதான். போனை மேசையில் சாய்த்து வைத்துக் கேமராவைத் திறங்கள். யாரும் தொடாமலேயே திரையில் காட்சி நடுங்கினால் அது கெட்டுவிட்டது என்று அர்த்தம், எத்தனை முறை தொட்டாலும் ஃபோகஸ் நிற்காது. ஆனால் கேமரா ஓடாதபோது போனைக் குலுக்கினால் லொடலொடவென்று வரும் சிறு சத்தம் ஓஐஎஸ் உள்ள பல போன்களில் இயல்பானது, அதற்காகக் கடைக்கு ஓட வேண்டாம்.