ஃப்ளை அகாரிக்கும் போதைக் காளானும்: பெயரை நம்பிச் செய்யும் தவறுகள்

மழை விட்ட மறுநாள் மாணவர்களோடு ஊட்டிப் பக்கம் பைன் காட்டுக்குள் போனால், யாராவது ஒருவர் சிவப்புக் குடையைப் பார்த்துவிட்டு, “சார், மேஜிக் மஷ்ரூம்!” என்று கூப்பிடுவார். இந்த ஆண்டு ஒரு மாணவி அதோடு நிற்கவில்லை. “இதுல மஸ்கரின் இருக்கு, அட்ரோபின் போட்டா சரியாயிடும்” என்று பக்கத்தில் இருந்தவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். மஸ்கரின் ஒரு நச்சு, அட்ரோபின் அதற்கு முறிவு மருந்து. அந்த மாணவி சொன்ன அதே வாக்கியத்தை இருபது ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு மருத்துவரிடம் சொல்லியிருக்கிறேன். அதனால் ஒரு மனிதர் ஓர் இரவு முழுக்கப் பட்ட பாட்டையும் பார்த்திருக்கிறேன். எழுத உட்கார்ந்தது அதனால்தான். ‘தெரியாத காளானைச் சாப்பிடாதே’ என்பதை எல்லாரும் சொல்கிறார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

இரண்டையும் ஒரே பையில் போடுவது

கொடைக்கானல் கடைகளில் டி-ஷர்ட்டில் அச்சடித்திருப்பது சிவப்புக் குடை, வெள்ளைப் புள்ளி. அது ஃப்ளை அகாரிக், அதாவது அமானிட்டா மஸ்காரியா. செய்தித்தாள்களில் ‘போதைக் காளான் விற்றவர் கைது’ என்று வருவது அதுவல்ல. அது மாட்டுச் சாணத்திலும் புல்வெளியிலும் முளைக்கிற, பார்க்க எந்த அழகும் இல்லாத சின்னப் பழுப்புக் காளான். அதில் இருப்பது சிலோசைபின். நம் நாட்டில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருவதும் இந்தப் பொருள்தான்.

ஃப்ளை அகாரிக் சாணத்தில் முளைக்காது. மரத்தின் வேரோடு கூட்டு வைத்து வாழும் காளான் அது. ஐரோப்பாவில் பிர்ச், பைன் மரங்களடியில் வளர்வது, தோட்டத்துக்காகப் பைன் கன்றுகளைக் கொண்டுபோன நாடுகளுக்கெல்லாம் கூடவே போயிருக்கிறது. நீலகிரிக்கும் அப்படித்தான் வந்தது.

உடம்புக்குள் இரண்டும் தொடுகிற இடமே வேறு. சிலோசைபின் உடலில் சிலோசினாக மாறி, மூளையில் செரோடோனினுக்கு உரிய ஏற்பிகளில் போய் ஒட்டுகிறது. அரை மணி, ஒரு மணி நேரத்தில் ஆரம்பித்து நாலு முதல் ஆறு மணி நேரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். கண் பாவை விரிந்திருக்கும், பயந்து நடுங்குவார்கள், வாந்தி எடுப்பார்கள். ஆனால் ஆள் விழித்திருப்பார். கேட்டால் ஏதாவது பதில் வரும்.

ஃப்ளை அகாரிக்கில் வேலை செய்வது மஸ்கிமாலும் ஐபோடெனிக் அமிலமும். மஸ்கிமால், மூளையை அமைதிப்படுத்தும் ‘காபா’ என்ற பொருளைப் போல நடிக்கிறது. ஐபோடெனிக் அமிலம் அதற்கு நேர் எதிராக, நரம்பைத் தூண்டும் குளூட்டமேட்டைப் போல நடிக்கிறது. ஒன்று தூங்க வைக்கிறது, இன்னொன்று உலுக்கி எழுப்புகிறது. அதனால்தான் இதைச் சாப்பிட்டவர் குடித்தவர் போலத் தள்ளாடுவார், குழறுவார், தூங்கிப்போவார். திடீரென்று எழுந்து கத்துவார், கை கால் வெட்டி இழுக்கும், மறுபடியும் தட்டினாலும் எழாத தூக்கத்துக்குள் போவார். பெரும்பாலும் அரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கும். சில சமயம் ஒரு நாள் முழுக்க நீடிக்கும். வலிப்பும் வரலாம். தூக்கத்தில் வாந்தி எடுத்து அது மூச்சுக்குழாயில் போவதுதான் எனக்கு எப்போதும் உள்ள பயம்.

பெயரை வைத்து விஷத்தை முடிவு செய்வது

இந்தத் தவறு இன்றைக்கும் என்னை எரிச்சல்படுத்துகிறது. ஏனென்றால் படித்தவர்கள் செய்கிற தவறு இது.

‘மஸ்கா’ என்றால் லத்தீனில் ஈ. ஐரோப்பாவில் இந்தக் காளானைப் பாலில் நறுக்கிப் போட்டு ஈ பிடிப்பார்கள். பெயர் அப்படி வந்தது. 1869ல் ஷ்மீடபெர்க், கோப்பே என்ற இருவர் இதிலிருந்து ஒரு நச்சைப் பிரித்தெடுத்து, காளானின் பெயரையே வைத்து மஸ்கரின் என்றார்கள். கண்டுபிடிப்பு சரிதான். ஆனால் அதில் இருக்கும் அளவு மிகமிகக் கொஞ்சம்: ஒரு கிலோ பச்சைக் காளானில் சுமார் 3 மில்லிகிராம். ஆளைப் படுக்கவைப்பது அது இல்லை. மஸ்கிமாலும் ஐபோடெனிக் அமிலமும் அடையாளம் காணப்பட்டது 1960களில்தான். அதற்குள் சுமார் நூறு வருடம் ‘ஃப்ளை அகாரிக் என்றால் மஸ்கரின், மஸ்கரினுக்கு முறிவு அட்ரோபின்’ என்று பாடமாகிவிட்டது.

1897 நவம்பரில் வாஷிங்டனில் நடந்ததைச் சொல்கிறேன். டி வெக்கி என்ற இத்தாலியப் பிரபு காளான் விஷயம் தெரிந்தவர் என்று பெயர் வாங்கியவர். அவர் ஊரில் சீசர் காளான் என்று ஒன்று உண்டு, ஆரஞ்சுக் குடை, அருமையான ருசி. அது என்று நினைத்து ஃப்ளை அகாரிக்கை வாங்கிக் காலை உணவாகச் சாப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் படுத்தவருக்குக் கட்டிலே உடையும் அளவுக்கு வலிப்பு. வாந்தி வரவைக்க மருந்து கொடுத்தார்கள், கூடவே அட்ரோபினும் கொடுத்தார்கள். மறுநாள் இறந்துபோனார். அவரோடு சாப்பிட்ட மருத்துவ நண்பர் பிழைத்துக்கொண்டார். அட்ரோபின்தான் அவரைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. அவர் சாப்பிட்ட அளவே அதிகம். ஆனால் அன்றைய மருத்துவர்களுக்கு வேறு பாடம் கிடையாது. எனக்கு இருந்தது, நான்தான் படிக்கவில்லை.

என் கதை இது. ஒரு மருத்துவமனையிலிருந்து மாலையில் கூப்பிட்டார்கள். நாற்பது வயதுக்காரர், பைன் காட்டில் பறித்ததை முட்டையோடு வதக்கிச் சாப்பிட்டிருக்கிறார். அவர் மனைவி மீதியைப் பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்திருந்தார். உள்ளே வியர்த்துப்போய், வெளிறிய ஆரஞ்சு நிறத்தில் இரண்டு குடை, தண்டில் பைன் ஊசி ஒட்டியிருந்தது. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. “அமானிட்டா மஸ்காரியா. மஸ்கரின் சார், அட்ரோபின் குடுங்க” என்றேன்.

பணியில் இருந்த இளம் மருத்துவர் தயங்கினார். “வேர்க்கவே இல்லையேங்க. எச்சில் வடியல. பல்ஸ் நார்மல். கண்ணும் சுருங்கல” என்றார்.

அவர் ஆளைப் பார்த்துப் பேசினார். நான் பெயரைப் பார்த்துப் பேசினேன். மஸ்கரின் விஷம் என்றால் அவர் சொன்ன அத்தனையும் இருக்க வேண்டும்: தெப்பமாக வேர்வை, எச்சில், கண்ணீர், சுருங்கிய கண் பாவை, மெதுவான நாடித்துடிப்பு, மூச்சில் விசில். அந்த நச்சு நிறைய இருப்பது ஐனோசைபி, கிளிட்டோசைபி வகைக் காளான்களில். அங்கே அட்ரோபின் உயிர் காக்கும் மருந்து. இங்கே நோயாளிக்கு இருந்தது தள்ளாட்டம், உளறல், கைவிரல்களில் சின்னச் சின்னத் துடிப்பு, நடுநடுவே தூக்கம். நான் அழுத்திச் சொன்னதால் அட்ரோபின் போட்டார்.

அரை மணி நேரத்தில் நாடி ஓட ஆரம்பித்தது. வாய் காய்ந்து நாக்கு ஒட்டிக்கொண்டது. இல்லாத நூலைப் பிரிப்பது போலப் போர்வையைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். பிடிக்கப் போனவர்களை அடித்தார். அட்ரோபின் தானே பிதற்ற வைக்கும் மருந்து. ஏற்கெனவே பிதற்றிக்கொண்டிருந்தவருக்கு அதை நான் கூட்டிக் கொடுத்திருந்தேன். அவர் மனைவி சுவரோரம் நின்று விடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் மதியம் அவர் எழுந்து தண்ணீர் கேட்டார். எதுவும் நினைவில்லை.

இந்த விஷத்துக்குத் தனி முறிவு மருந்து இல்லை. மூச்சைப் பார்த்துக்கொள்வது, ஒருக்களித்துப் படுக்க வைப்பது, வலிப்போ மூர்க்கமோ வந்தால் மருத்துவர் டயசெபாம் வகை மருந்தை அளந்து கொடுப்பது. அதையும் அளந்துதான் கொடுக்க வேண்டும், ஏனென்றால் மஸ்கிமால் வேலை செய்யும் அதே காபா ஏற்பியில்தான் அதுவும் வேலை செய்கிறது. காளான் பெயரை மருத்துவரிடம் சொல்லுங்கள், மருந்தின் பெயரைச் சொல்லாதீர்கள்.

வெள்ளைப் புள்ளியைத் தேடுவது

புள்ளி தோல் அல்ல. சின்னதில் முழுக் காளானையும் மூடியிருந்த உறையின் துணுக்கு. நல்ல மழையில் கழுவிப் போய்விடும். வெயிலில் சிவப்பும் ஆரஞ்சாக, மஞ்சளாக வெளிறும். டி வெக்கிக்கு நேர்ந்தது இதுவாக இருக்கலாம். அதனால் குடையை விட்டு அடியைப் பாருங்கள்: கிழங்கு போலப் பருத்த அடி, அதன்மேல் வளையம் வளையமாகச் செதில், மேலே பாவாடை போல ஒரு வளையம், வெள்ளை மடல்கள். மொட்டாக இருக்கும்போது வெள்ளை உருண்டை. நெடுக்காக வெட்டினால் உள்ளே குட்டிக் குடையின் வடிவமும், தோலுக்கு அடியில் மஞ்சள் கோடும் தெரியும். தண்டை மேலே கிள்ளி எடுத்துவந்தால் இதில் பாதி காட்டிலேயே தங்கிவிடும். கத்தியால் மண்ணோடு தோண்டி எடுங்கள்.

நீலமாகிவிட்டால் சிலோசைபின்தான் என்று இருப்பது

சிலோசைபின் உள்ள காளானை நசுக்கினால் நீலமாகும் என்பது சரி. ஆனால் அப்படி நீலமாகும் காளான்கள் வேறு வகையிலும் உண்டு. குடையைப் பாதி வெள்ளை, பாதி கறுப்புத் தாளில் கவிழ்த்து, கிண்ணத்தால் மூடி ராத்திரி விடுங்கள். ஃப்ளை அகாரிக்கின் வித்துத்தூள் வெள்ளை. சிலோசைபி இனத்தில் ஊதா கலந்த கரும்பழுப்பு. துருப்பிடித்த நிறம் வந்தால் உடனே கவனம்: உளுத்த மரத்தில் முளைக்கும் கேலரினா என்ற சின்னப் பழுப்புக் காளானாக இருக்கலாம். கல்லீரலை அழிக்கும் அமாடாக்சின் அதில் உண்டு. போதைக் காளான் என்று அதைப் பறிக்கிறார்கள்.

காய வைத்தால் விஷம் போய்விடும்

போகாது. காயும்போது ஐபோடெனிக் அமிலத்தில் ஒரு பகுதி மஸ்கிமாலாக மாறுகிறது.

உறையில் ‘மஷ்ரூம்’ என்று போட்டிருப்பதை நம்புவது

2024ல் அமெரிக்காவில் காளான் சாக்லேட், கம்மி மிட்டாய் சாப்பிட்டவர்கள் வலிப்போடும் மயக்கத்தோடும் மருத்துவமனைக்குப் போனார்கள். அரசு ஆய்வில் சிலவற்றில் மஸ்கிமாலும், அதோடு உறையில் சொல்லாத வேறு மருந்துகளும் கிடைத்தன.

நேரத்தைக் கேட்காமல் விடுவது

எப்போது சாப்பிட்டார், எப்போது முதல் வாந்தி? இந்த இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். மஸ்கிமாலும் சிலோசைபினும் சீக்கிரமே தெரிந்துவிடும். ஆறு மணி நேரம் சும்மா இருந்துவிட்டு வயிற்றுப்போக்கும் வாந்தியும் ஆரம்பித்தால் அமாடாக்சின் என்று நினைத்தே ஓட வேண்டும். அது ஒரு நாளில் தணிந்தது போலக் காட்டி, அப்புறம் கல்லீரலைப் பிடிக்கும். ஒரே சட்டியில் இரண்டு வகை விழுந்திருந்தால், சீக்கிரம் ஆரம்பித்ததால் ஆபத்தில்லை என்ற கணக்கும் செல்லாது. மீதமுள்ளதைப் பிளாஸ்டிக் பையில் போடாதீர்கள், சில மணி நேரத்தில் கூழாகிவிடும். காகிதத்தில் சுற்றி, அடித்தண்டோடு, சமைத்ததில் மிச்சம் இருந்தால் அதையும் சேர்த்து எடுத்துப்போங்கள்.

அந்த மாணவியிடம் இவ்வளவையும் சொன்னேன். போன வாரம் அவரிடமிருந்து ஒரு படம் வந்தது: யாரோ வீட்டு நாய் கடித்துப்போட்ட ஆரஞ்சுக் குடை, பக்கத்தில் ஒரு அளவுகோல், கீழே ஒரு வரி. “சாப்பிட்டது 4.10, தள்ளாட்டம் 4.50, எச்சில் வடியல, டாக்டர்கிட்ட போயிட்டு இருக்கோம்.”