பீப் அடிக்கும் கணினி, இருண்ட திரை: ரேமைக் கழற்றி மாட்டும் முறை

பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, பீப் பீப் என்று ஒரே தாளத்தில் சத்தம் வருகிறது, திரையில் ஒன்றுமே இல்லை. ஹார்ட் டிஸ்க்கோ விண்டோஸோ இதற்குக் காரணமில்லை. கணினி இன்னும் அந்தக் கட்டத்துக்கே வரவில்லை.

முதலில் சத்தத்தை மொபைலில் பதிவு செய்யுங்கள். நெடியது எத்தனை, குறியது எத்தனை, எவ்வளவு இடைவெளிக்குப் பிறகு திரும்ப ஆரம்பிக்கிறது என்பதை நிதானமாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காதால் மட்டும் எண்ணினால் தவறிவிடும்.

உடனே இணையத்தில் கிடைக்கும் பீப் அர்த்தப் பட்டியலைத் தேடி ஓடாதீர்கள். ஒரு நெடில், இரண்டு குறில் என்று வைத்துக்கொள்வோம். கணினியை முதலில் எழுப்பும் மென்பொருளான பயாஸில், பழைய அவார்டு வகையில் அதற்கு டிஸ்ப்ளே கோளாறு என்று பொருள். ஆசஸ் மதர்போர்டுகளின் கையேட்டிலோ மெமரி, அதாவது ரேம், கிடைக்கவில்லை என்று போட்டிருக்கும். தவறான பட்டியலைப் பார்த்தால் நல்ல கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். உங்கள் போர்டு மாடலின் கையேடுதான் சரியான பட்டியல்.

கையேடு கிடைக்காவிட்டாலும் போர்டையே கேட்கலாம். கீழே சொல்லும் முறைப்படி ரேம் அத்தனையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். அப்போது வருவதுதான் அந்த போர்டில் 'ரேம் இல்லை' என்பதற்கான பீப். ரேம் இருக்கும்போதும் அதே தாளம் வந்ததென்றால், மாட்டிய ரேமை போர்டு பார்க்கவே இல்லை என்று அர்த்தம். தாளம் மாறினால் மெமரி பழுது என்று முடிவு கட்டாமல் மற்ற பாகங்களையும் பாருங்கள்.

கழற்றுவது

பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்து வினாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் இறங்கிவிடும். கேபினெட்டைப் படுக்க வையுங்கள். நிற்க வைத்து அழுத்தினால் போர்டு வளையும். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு, கிளிப்பை வெளிப்புறம் தள்ளி ரேமை நேராக மேலே எடுங்கள். எந்த ரேம் எந்த ஸ்லாட்டில் இருந்தது என்று முன்பே ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது.

தங்க நிற முனைகளைத் துடைக்கப் பலர் அழிரப்பரைச் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது. தூள் ஸ்லாட்டுக்குள் போகும், பூச்சும் தேயும். பஞ்சு உதிராத துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு ஒருமுறை துடைத்து, உலரவிட்டால் போதும். ஸ்லாட்டுக்குள் வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். கையால் அமுக்கும் ரப்பர் புளோயர் இருந்தால் அதுவே சிறந்தது.

மாட்டுவது: முக்கால்வாசிப் பேர் கோட்டைவிடும் இடம்

இப்போதைய பல போர்டுகளில் ஸ்லாட்டின் ஒரு பக்கம்தான் கிளிப் நகரும், மறுபக்கம் அசையாது. கிளிப் 'டக்' என்று விழுந்ததுமே மாட்டிவிட்டோம் என்று நம்பிவிடுகிறோம். அசையாத பக்கம் ஒரு மில்லிமீட்டர் தூக்கி நின்றாலும் பீப் தொடரும்.

ரேமின் வெட்டும் ஸ்லாட்டின் மேடும் நேராக வருகிறதா என்று பார்த்துவிட்டு, முதலில் அசையாத முனையை அடிவரை அழுத்துங்கள். பிறகு கிளிப் பக்கத்தை அழுத்துங்கள். கடைசியாக இரண்டு கட்டைவிரலாலும் இரு முனைகளையும் சேர்த்து ஒருமுறை அழுத்துங்கள். குனிந்து பக்கவாட்டில் பார்த்தால் தங்கக் கோடு இரு முனையிலும் ஒரே அளவில் தெரிய வேண்டும். ஒரு முனையில் கூடுதலாகத் தெரிந்தால் இன்னும் உள்ளே போகவில்லை. வெட்டு பொருந்தாவிட்டால் அது வேறு தலைமுறை ரேம், பலத்தைக் காட்டாதீர்கள்.

எது பழுது?

இரண்டு 8 ஜிபி ரேம் இருந்த ஒரு கணினியை இப்படிச் சோதித்தேன். நான்கு ஸ்லாட் போர்டு. பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது ஸ்லாட்டைத்தான் ஒற்றை ரேமுக்கு அதன் கையேடு சொன்னது. முதல் ரேமை அதில் மாட்டினேன், திரை வந்தது. அதே ஸ்லாட்டில் இரண்டாவது ரேம், அதுவும் வந்தது. ஆக, இரண்டு ரேமும் நல்லவை. இரண்டில் ஒன்றை நான்காவது ஸ்லாட்டில் தனியாக மாட்டியதும் பீப் திரும்பியது. எந்த ரேமை மாட்டினாலும் அங்கே அதே கதை. டார்ச் அடித்துப் பார்த்தால் ஸ்லாட்டின் ஓரத்தில் தூசி அடைத்திருந்தது. புளோயரால் ஊதி எடுத்த பிறகு இரண்டும் சேர்ந்தே ஓடின. எந்த ஸ்லாட்டிலும் ஒரு குறிப்பிட்ட ரேம் மட்டும் பீப் அடித்திருந்தால், புது ரேம் வாங்கச் சொல்லியிருப்பேன்.

பிற்சேர்க்கை: பீப்பே வரவில்லை என்று சிலர் கேட்டார்கள். பல கேபினெட்டுகளில் ஸ்பீக்கரே இருப்பதில்லை. போர்டின் ஸ்பீக்கர் பின்களில் செருகும் சிறு ஸ்பீக்கர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

டிடிஆர்5 ரேம் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: ரேமை மாற்றி மாட்டியதும் முதல்முறை பீப் இல்லாமல், ஃபேன் மட்டும் சுற்றி, சில நிமிடம் திரை இருண்டே இருக்கலாம். போர்டு ரேமைப் பழக்கிக்கொள்கிறது. அந்த நேரத்தில் அவசரப்பட்டு அணைத்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.