விரிசல் விழுந்த அகலத் தகடு: கணக்கு சறுக்கும் இடங்கள்

மண்டபம் துறையில் படகைக் கரையேற்றும் அமைப்பில் இழுவிசையைத் தாங்க ஓர் உயர்வலு எஃகுத் தகடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அகலம் 1 மீட்டர், தடிமன் 12 மி.மீ. இழுவிசையால் வரும் தகைவு 300 MPa. நட்டநடுவில், இழுவைக்குக் குறுக்காக, தடிமன் முழுக்க ஊடுருவிய 20 மி.மீ. விரிசல். எஃகு நிரந்தரமாக நெளியத் தொடங்கும் ஈல்டு தகைவு 1200 MPa, முறிவுத் தடைத்திறன் (K_IC) 60 MPa√m. தகடு திடீரென முறியுமா?

விரிசல் முனையில் தகைவு எவ்வளவு தீவிரமாகக் குவிகிறது என்பதைச் சொல்வது K. அது K_IC-ஐ எட்டினால் தகடு திடீரென முறியும். σ தகைவு, a விரிசலின் நீளத்தைக் குறிப்பது. சூத்திரம் சின்னதுதான்:

```
K = σ √(π a)
```

முதல் சறுக்கல் இந்த a-யில். நடுவிலுள்ள விரிசலுக்கு இரண்டு முனைகள் உண்டு. அதனால் முழு நீளம் 2a, a என்பது அதில் பாதி. இங்கே a = 10 மி.மீ. = 0.010 மீ. அப்படிப் போட்டால் K = 53.2 MPa√m. 60-ஐ எட்டவில்லை, திடீர் முறிவு இல்லை. 20 மி.மீ.யை அப்படியே a-யாகப் போட்டவருக்கு 75.2 வரும். முறியும் என்று எழுதிவிடுவார்.

அதே 20 மி.மீ. விரிசல் தகட்டின் ஓரத்திலிருந்து உள்ளே ஓடியிருந்தால் கதையே வேறு. அதற்கு ஒரே முனை, முழு நீளமுமே a. ஓரம் தளர்வாக வாய் திறந்துகொள்வதால் 1.12 மடங்கும் சேர்கிறது. K = 84.2, முறியும். ஆகவே டேப்பை எடுக்கும் முன் விரிசல் எங்கிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். நீளம் அதற்கு அடுத்ததுதான்.

அலகுத் தவறு இதைவிட எளிதாக நடக்கிறது. a-யை மி.மீ.யில் போட்டால் 1681 கிடைக்கும். அது MPa√mm. 60-க்கு எதிரே அதை வைத்தால் தகடு எப்போதோ முறிந்திருக்க வேண்டும்! மீட்டருக்கு மாற்ற 1000-ஆல் வகுப்பதும் தப்பு. வர்க்கமூலத்துக்குள் இருப்பதால் 31.6-ஆல்தான் வகுக்க வேண்டும்.

தகைவிலும் ஒரு குழப்பம் உண்டு. விரிசல் போக மிச்சமிருக்கும் பரப்பால் விசையை வகுத்து, அந்தக் கூடுதல் தகைவை σ-வாகப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். σ என்பது விரிசலே இல்லாததுபோல் முழுப் பரப்புக்குக் கணக்கிட்ட தகைவு. விரிசலின் பாதிப்பை a ஏற்கெனவே சுமந்துவிட்டது.

'அகலத் தகடு' என்ற சொல்லையும் லேசாகக் கடந்துவிடக் கூடாது. 1 மீட்டர் அகலத்தில் 20 மி.மீ. விரிசல் அகலத்தில் 2 சதவீதம்தான், திருத்தமே தேவையில்லை. அதே விரிசல், அதே 300 MPa, ஆனால் 40 மி.மீ. அகலப் பட்டை என்றால்? அங்கே K-யை √sec(πa/W)-ஆல் பெருக்க வேண்டும், W பட்டையின் அகலம். அது 1.19. K 63.2 ஆகிறது. 60-ஐத் தாண்டிவிட்டது, பட்டை முறியும். திருத்தம் போடாதவர் அதையும் தப்பித்தது என்று எழுதியிருப்பார்.

K_IC-ஐ ஒப்பிடும் முன் தடிமனையும் சோதிக்க வேண்டும். தகடு குறைந்தபட்சம் 2.5 (K_IC/ஈல்டு)² தடிமன் இருக்க வேண்டும். இங்கே 6.25 மி.மீ., நம் தகடு 12 மி.மீ., சரி. விசைப்படகின் மெல்லிய சாதா எஃகு உடல்தகட்டுக்கு இந்தச் சோதனை தேறாது. விரிசல் முனையில் எஃகு பெரிதாக நெளிந்துகொடுக்கும், அங்கே இந்தக் கணக்கையே எடுக்கக் கூடாது.

சரி, 53.2 வந்தது, முறியாது. 'பாதுகாப்பு' என்று எழுதலாமா? கணக்கைத் திருப்பிப் போட்டால், K 60-ஐத் தொடும்போது a = 12.7 மி.மீ., முழு நீளம் 25.5 மி.மீ. மிச்சமிருப்பது ஒவ்வொரு முனையிலும் 2.7 மி.மீ. மட்டுமே. பாம்பன், மண்டபம் கரையில் குளிர் எஃகை நொறுங்கவைக்காது, உப்புதான் எதிரி. இவ்வளவு வலுவான எஃகு உப்புநீரில், நிலையான சுமையிலேயே, K_IC-க்கு வெகு கீழான K-யிலும் விரிசலை மெல்ல நீட்டும். கையேட்டில் உள்ள 60 சாதாரணக் காற்றில் எடுத்த அளவு. படகு ஏறி இறங்கும்போது சுமை மாறிமாறி வருவது அதை இன்னும் வேகப்படுத்தும்.

அளவெடுப்பதிலும் உப்பு ஏமாற்றும். துருவும் பெயின்ட்டும் விரிசல் முனைகளை மூடிவிடும், கண்ணுக்கு 16 மி.மீ. தெரிவது உண்மையில் 20 ஆக இருக்கலாம். பெயின்ட்டைக் கரைப்பானால் நீக்கிச் சிவப்புச் சாயம் பூசுங்கள், ஊறவிட்டுத் துடைத்து வெள்ளை டெவலப்பர் தெளியுங்கள். சிவப்புக் கோடு ஊறி வரும். அதன் இரு நுனிகளுக்கும் இடையே அளந்து, தகட்டின் மறுபக்கத்திலும் அளந்து, பெரியதை எடுங்கள். ஷாட் பிளாஸ்ட் அடித்துச் சுத்தம் செய்யாதீர்கள். அடிபட்ட உலோகம் விரிசலின் வாயை மூடிவிட்டால் சாயம் உள்ளே இறங்காது, கோடும் தெரியாது.