அடுத்து என்ன செய்வது? நிலை, தடை, செயல் என மூன்று டாரோ கார்டுகள்

டாரோ பழக ஆரம்பித்தவர்கள் மூன்று கார்டு என்றதும் கடந்த காலம், நிகழ்காலம், எதிர்காலம் என்றுதான் வைக்கிறார்கள். நடந்ததைப் புரிந்துகொள்ள அது நல்ல வரிசை. ஆனால் ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவருக்கு அது போதாது. அவருக்கு நிலை, தடை, செயல் என்ற வரிசைதான் கைகொடுக்கும்.

1. கேள்வியைச் சரிசெய்யுங்கள்

ஒரு பெண் வயதான பெற்றோரின் செலவு முழுவதையும் தனியாகப் பார்த்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "அண்ணன் பங்கு தருவாரா?" என்று அவர் கேட்டால், அது அண்ணனின் மனத்தைப் பற்றிய கேள்வி. இந்த மூன்று கார்டுகளில் அதற்கு இடமே இல்லை. "செலவைப் பகிர்ந்துகொள்வது பற்றி அண்ணனிடம் பேச நான் என்ன செய்யலாம்?" என்று மாற்றிக் கேட்க வேண்டும். கேள்வியில் "நான்" இருக்கிறதா என்று பாருங்கள்.

2. இடங்களை முதலில் முடிவு செய்யுங்கள்

கார்டுகளைக் கலைத்து, இடமிருந்து வலமாக மூன்றை வையுங்கள். எடுப்பதற்கு முன்பே எந்த இடம் எதற்கு என்று சொல்லிவிடுங்கள். கார்டைப் பார்த்த பிறகு இடத்தை மாற்றத் தோன்றும். மாற்றினால் நமக்குப் பிடித்த பதில்தான் வரும். தலைகீழாக வந்ததை நேராகவே திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். கார்டின் சிரமமான பக்கத்தைக் காட்டத்தான் தடை என்ற இடம் இருக்கிறதே.

பழக ரைடர்-வெயிட்-ஸ்மித் கட்டு நல்லது. 1909-இல் வெளிவந்த அந்தக் கட்டுக்கு பமீலா கோல்மன் ஸ்மித் எண் கார்டுகளிலும் மனிதர்களையும் காட்சிகளையும் வரைந்தார். யாரோ எதையோ செய்துகொண்டிருப்பதால், செயலைத் தேடும் நமக்கு வேலை சுலபம்.

3. நிலையை வாசியுங்கள்

அந்தப் பெண்ணுக்கு டென் ஆஃப் வாண்ட்ஸ், சிக்ஸ் ஆஃப் கப்ஸ், த்ரீ ஆஃப் பென்டக்கிள்ஸ் வந்தன என்போம். முதல் கார்டில் ஒருவர் பத்துக் கழிகளையும் ஒன்றாக அணைத்துக்கொண்டு குனிந்து நடக்கிறார். சுமையிலேயே முகம் புதைந்திருப்பதால் எதிரே இருப்பது அவருக்குத் தெரியாது. சுமை இருப்பது அந்தப் பெண்ணுக்கே தெரியும். கார்டு கூடுதலாகச் சொல்வது, அது இதுவரை யாரிடமும் பிரித்துத் தரப்படவில்லை என்பதை.

4. தடையில் நல்ல கார்டு வந்தால்

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். சிக்ஸ் ஆஃப் கப்ஸ் இனிமையான கார்டு: ஒரு சிறுவன் பூ நிறைந்த கோப்பையைச் சின்னப் பெண்ணிடம் நீட்டுகிறான். பழைய நினைவு, பாசம், சிறுவயது. இது எப்படித் தடையாகும்? "தடையே இல்லை போல" என்று தாண்டிப் போய்விடாதீர்கள். இந்த நல்லது எந்த விதத்தில் வழியை மறிக்கிறது என்று கேளுங்கள்.

படத்தில் பெரியவன் கொடுக்கிறான், சிறியவள் வாங்கிக்கொள்கிறாள். அந்தத் தங்கைக்கு அண்ணன் இன்னும் அந்தச் சிறுவன்தான். அவரிடம் கணக்குப் பேசினால் அந்தப் பாசம் கெட்டுவிடுமோ என்ற தயக்கம்தான் தடை. அண்ணன் கல்நெஞ்சக்காரர் என்று கார்டு எங்கேயும் சொல்லவில்லை. இது வாசிப்புதான், தீர்ப்பு அல்ல; அந்தப் பெண் "அப்படி இல்லையே" என்றால் படத்துக்குத் திரும்பி வேறு கோணம் தேடுங்கள்.

5. செயலில் வினைச்சொல்லைத் தேடுங்கள்

த்ரீ ஆஃப் பென்டக்கிள்ஸை "கூட்டுழைப்பு" என்று வாசித்தால் அந்தப் பெண்ணால் நாளைக்கு எதுவும் செய்ய முடியாது. படத்தைப் பாருங்கள். சிற்பி ஒருவர் பெஞ்சின் மேல் நிற்கிறார், எதிரே இருவர், ஒருவர் கையில் வரைபடம். பேச்சு அந்த வரைபடத்தைச் சுற்றி நடக்கிறது.

அப்படியானால் செயல் இது: மருந்து, வாடகை, உதவியாள் சம்பளம் என்று மாதச் செலவை ஒரே தாளில் எழுதி, ஞாயிற்றுக்கிழமை அண்ணனோடு அதைப் பார்த்துப் பேசுவது. தாள் நடுவில் இருந்தால் பேச்சு பாசத்தை விட்டுக் கணக்குக்கு வரும். தடைக்கும் இதுவே பதில். மூன்றாவது கார்டு இரண்டாவதைத் தொடாமல் நின்றால் வாசிப்பு இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

செயல் இடத்தில் வருத்தமான கார்டு வந்தால் பயப்பட வேண்டாம், அந்த இடம் முடிவைச் சொல்வதில்லை. ஃபைவ் ஆஃப் கப்ஸில் கருப்பு அங்கிக்காரர் கவிழ்ந்த மூன்று கோப்பைகளையே பார்க்கிறார். பின்னால் இரண்டு நிமிர்ந்து நிற்கின்றன. "போனதை ஒப்புக்கொள், அப்புறம் திரும்பி மிச்சத்தை எடு" என்று வாசிக்கலாம்.

செயல் பிடிக்கவில்லை என்று நான்காவது கார்டு எடுக்க வேண்டாம். செய்ய வேண்டியதை நாளோடு எழுதி வையுங்கள். அண்ணனோடு பேசி முடித்து, நிலை மாறியிருந்தால் மட்டும் அதே கேள்விக்கு மறுபடி கார்டு எடுக்கலாம்.